இருண்டு காட்டிய கம்பி

கட்டுகஸ்தோட்டையில் மண்ணெண்ணெய்க் கடை வைத்திருந்த முதலாளி இறந்தது ஒரு வியாழக்கிழமை காலை, ஒன்பது மணிக்குச் சற்று முன்னதாக. அன்று பிற்பகலே நடந்த மரண விசாரணையில் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். நான் சொன்ன பதில் உண்மையானது. ஆனால் அந்தப் பதிலால், அவருடைய மனைவி தன் கணவனைத் தானே கொன்றுவிட்டதாக நம்பிக்கொண்டு இரண்டு மாதத்துக்கு மேல் ஒரு திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

நான் அப்போது கண்டியில் மின்சார அலுவலகத்தில் எழுதுவினைஞன். முப்பதுகளின் தொடக்கம். நகரத்துக்குள் பெரிய வீடுகளிலும் கடைகளிலும் மின்விளக்கு வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. கட்டுகஸ்தோட்டைப் பக்கம் கம்பங்கள் நட்டு முடித்திருந்தும் இணைப்புக் கேட்டு வருபவர்கள் குறைவு. மின்சாரம் சுவரைத் துளைத்து வரும், கூரையை எரிக்கும், இரவில் கம்பியிலிருந்து சொட்டும் என்று பேசிக்கொண்டார்கள். மக்களுக்கு விளங்கச் சொன்னால் பயம் போகும் என்று எங்கள் மேலதிகாரியான வெள்ளைக்காரப் பொறியியலாளர் நினைத்தார். நான் யாழ்ப்பாணத்தான், புத்தகம் படிக்கிறவன், கொஞ்சம் வரையத் தெரிந்தவன். அதனால் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது.

அலுவலகத்தில் ஒரு படவிளக்கு இருந்தது. கண்ணாடித் துண்டில் வரைந்த படத்தை அதற்குள் செருகினால் வெள்ளைத் துணியில் பெரிதாக விழும். நிற்கிற படம் மட்டும் போதாது என்று எனக்குத் தோன்றியது. போகிற பொருளைப் போகிறதாகக் காட்ட வேண்டும். ஒரு கண்ணாடியை முழுவதும் கறுப்பாகப் பூசி, அதில் மின் நிலையத்திலிருந்து வீடு வரை போகும் கம்பியை மட்டும் ஊசியால் கீறி எடுத்தேன். அதற்குப் பின்னால் ஒரு வட்டக் கண்ணாடி, அதில் சுருள்சுருளாகக் கோடுகள், சுற்ற ஒரு கைப்பிடி. வட்டத்தின் அச்சை மின் நிலையம் இருக்கிற இடத்தில் வைத்தேன். கைப்பிடியைச் சுற்றினால், கீறிய கோட்டின் வழியே ஒளித்துண்டுகள் மின் நிலையத்தில் பிறந்து ஒன்றன்பின் ஒன்றாக வீட்டை நோக்கி ஓடுவதுபோலத் தெரியும். இதைச் செய்து முடிக்க ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன என்று என் நாட்குறிப்பு சொல்கிறது.

கைப்பிடியைச் சுற்றுவதற்கு மஹய்யாவையைச் சேர்ந்த லைன்மேன் ஒருவர் என்னோடு வருவார். கம்பத்தில் ஏறுவதிலும் என்னைச் சீண்டுவதிலும் அவருக்கு நிகர் இல்லை. "ஐயா என்னதான் பேசினாலும் நா சுத்தினாத்தான் கரண்டு ஓடுது, பாத்துக்குங்க" என்பார். கை வலித்தால் வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றுவார்; கூட்டத்தில் யாராவது, "ஸ்டேஷன்ல எண்ணெய் முடிஞ்சு போச்சு போல" என்று கத்துவார்கள்.

அந்தப் படத்தை வைத்து நான் சொன்னதைச் சுருக்கமாக எழுதுகிறேன். மின் நிலையத்தில் எண்ணெய் எஞ்சின் ஓடுகிறது. அது ஒரு பெரிய காந்தத்தைக் கம்பிச் சுருள்களுக்கு நடுவே சுழற்றுகிறது. காந்தம் அசைய அசைய, சுருளில் இருக்கிற மின்சாரத்தைத் தள்ளும் ஒரு விசை பிறக்கிறது. மின்சாரத்தை எஞ்சின் உண்டாக்குவதில்லை, தள்ளுகிறது. கம்பிக்குள் அது முன்னமே இருக்கிறது, குழாய்க்குள் தண்ணீர் இருப்பதுபோல. தள்ளுகிற பலத்தை அழுத்தம் என்றும், ஓடுகிற அளவை ஓட்டம் என்றும் பிரித்துச் சொன்னேன்.

அடுத்தது தூரம். நிறைய ஓட்டத்தை மெல்லிய கம்பியில் நெடுந்தூரம் அனுப்பினால் கம்பி சூடாகி, பாதி வழியிலேயே நட்டம். ஆகவே புறப்படும் இடத்தில் ஒரு பெட்டி அழுத்தத்தை மிகவும் கூட்டி, ஓட்டத்தைக் குறைத்து அனுப்புகிறது. மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்தைப் பச்சையாகவே வண்டியில் ஏற்றுவதில்லை, வாட்டி, அரைத்து, காய வைத்துத் தூளாக்கி அனுப்புகிறார்கள், நாலு சுமை ஒரு சுமையாகிறது, வீட்டில் வெந்நீர் ஊற்றினால் மறுபடி விரிகிறது என்று சொல்வேன். கூட்டம் தலையாட்டும். வெந்நீர் ஊற்றுகிற வேலையைச் செய்வது கட்டுகஸ்தோட்டைச் சந்திக்கருகில் கம்பத்தின் மேல் இருக்கிற இன்னொரு பெட்டி. அது அழுத்தத்தை வீட்டுக்கு ஏற்ற அளவுக்குக் குறைக்கிறது. அங்கிருந்து தெருக் கம்பங்கள் வழியாக ஓடி, ஒவ்வொரு வீட்டின் இறவாரத்துக்கும் இரண்டு கம்பிகள் பிரிகின்றன. உள்ளே முத்திரையிட்ட உருகுகம்பிப் பெட்டி, அதற்கப்பால் மீட்டர், அதற்கப்பால் மெயின் சுவிட்ச், பிறகுதான் விளக்குகள். மீட்டருக்குள் ஒரு மெல்லிய அலுமினியத் தட்டு, ஓட்டம் போகும்போது சுழலும், நின்றால் நிற்கும்.

இந்தப் படத்தில் பொய்கள் உண்டு என்பது எனக்குத் தெரியும். போன கம்பியிலேயே எல்லாம் முடிவதில்லை, இரண்டாவது கம்பி வழியாகத் திரும்ப வேண்டும். என் வட்டம் வெளியே போவதை மட்டும் காட்டும். அதைவிடப் பெரிய பொய், எங்கள் மின்சாரம் ஒரே திசையில் ஓடுவதே இல்லை. நொடிக்குப் பல தடவை முன்னும் பின்னும் அசைகிறது. இதை மேலதிகாரியிடம் சொன்னேன். மக்களைக் குழப்பாதே என்றார். ஒப்பினேன். இந்த இரண்டும் தெரிந்து சொன்ன பொய்கள். மூன்றாவதைப் பொய் என்று நான் நினைக்கவே இல்லை.

மூன்றாவது இது. சுவிட்சை மூடினால், அதாவது அணைத்தால், என்ன ஆகும் என்று காட்ட, படத்தின் முன்னால் தள்ளி விடக்கூடிய ஒரு தகரத் துண்டு செய்திருந்தேன். சரியாகச் செய்வதென்றால் சுவிட்சிலிருந்து விளக்கு வரை உள்ள துண்டுக் கோட்டை மட்டும் அது மறைக்க வேண்டும். ஆனால் அந்தத் துண்டு விரல்நுனி அகலம்கூட இல்லை. முதல் ஒத்திகையில் பின்வரிசையில் நின்ற லைன்மேன், ஒன்றும் தெரியவில்லை என்றார். ஆகவே தகரத்தைப் பெரிதாக வெட்டினேன், தெருக் கம்பம் வரை மறைக்கும்படி. சுவிட்சை மூடியதும் வீட்டுக்கு வரும் கம்பி முழுவதும் கறுத்துப் போகும். தெருவில் மட்டும் ஒளி ஓடிக்கொண்டிருக்கும். பார்ப்பதற்கு மிக நன்றாக இருந்தது. எங்கே காட்டினாலும் அந்த இடத்தில் கைதட்டினார்கள்.

கட்டுகஸ்தோட்டையில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் காட்டியபோது முன்வரிசையில் இருந்தவர்தான் அந்த முதலாளி. நாற்பது வயதிருக்கும். படம் முடிந்ததும் எழுந்து நின்று, இணைப்புக்கு முதல் பெயராகத் தன் பெயரை எழுதச் சொன்னார். மண்டபமே சிரித்தது. மண்ணெண்ணெய் விற்கிறவர் மின்விளக்குப் போட்டால் யார் எண்ணெய் வாங்குவார்கள் என்று பக்கத்துக் கடைக்காரர் கேலி செய்தார். "வெளிச்சத்துல நிண்டு பாத்தாத்தானே எண்ணெய் நல்லதா கெட்டதாண்டு தெரியும்" என்று அவர் பதில் சொன்னார்.

அதன் பிறகு நான் அந்தப் பக்கம் போகிற போதெல்லாம் கடையில் ஒரு தேநீர் கிடைக்கும். தேநீரோடு கேள்விகளும். ஒரு நாள், முன்னும் பின்னும் அசைகிற விஷயத்தை அவரிடம் ஒப்புக்கொண்டேன். அசைந்து திரும்பி வருகிற பொருள் எப்படி வேலை செய்யும் என்று அவர் சிறிது நேரம் யோசித்தார். பிறகு தானே சொன்னார்: "மரம் அறுக்கிற வாள் மாதிரி. ரெண்டு பேரு இழுக்கிறாங்க, வாள் எங்கயும் போகல்ல. மரம் அறுபடுது." நான் படித்த புத்தகங்களில் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லவில்லை. அன்றே அதைக் குறித்து வைத்தேன்.

கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அவர்தான் மின்சாரத்தை விளக்கினார். இணைப்புக் கேட்டு வந்த பலர், "முதலாளி சென்னார்" என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். வீட்டுக்கு வருவது வயலுக்கு வாய்க்கால் வருவதுபோல என்பது அவருடைய விளக்கம். மேலே மடையை அடைத்தால் கீழே வாய்க்கால் காய்ந்துவிடும், காலை வைத்து நடக்கலாம். அதை நானே ஒரு தடவை கேட்டேன். திருத்தவில்லை. என் படமும் அதைத்தான் காட்டியது.

அந்த வியாழக்கிழமை நபிகளாரின் பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முந்தியது. கடையும் வீடும் ஒரே கட்டடம், மேல்மாடியில் குடியிருப்பு. முகப்பில் வண்ணக் கடதாசிக் கொடிகளும் ஒரு கூட்டு விளக்கும் தொங்கவிட அவர் ஆசைப்பட்டார். அதற்குக் கட்டுக்கம்பி இழுக்க வேண்டும். இழுக்க வேண்டிய இடத்துக்கு அருகில்தான் தெருவிலிருந்து வரும் மின்கம்பிகள் இறவாரத்துக்குள் நுழைந்தன. அவர் அவசரக்காரர் அல்ல. பிறகு எல்லோரும் சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால் அவர் செய்தது இதுதான். முதலில் பகலிலேயே மேல்மாடி விளக்கைப் போட்டார், எரிந்தது. கீழே வந்து மெயின் சுவிட்சை மூடினார். மீட்டருக்குள் எட்டிப் பார்த்தார், தட்டு நின்றிருந்தது. அப்போதும் நம்பிவிடாமல், மாடியில் நின்ற மனைவியிடம் விளக்கு எரிகிறதா என்று கேட்டார். எரியவில்லை என்று அவள் சொன்னாள். அதன் பிறகே மேலே போய், யன்னல் வழியாக இறவாரத்துக்கு வெளியே சாய்ந்தார்.

இரவெல்லாம் மழை பெய்திருந்தது. ஒரு கையால் கூரை மழைநீர் ஓடும் தகரப் பீலியைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பீலியிலிருந்து இரும்புக் குழாய் ஒன்று நிலம் வரை போயிற்று. மறு கையால் மின்கம்பியை ஒதுக்கினார். அதன் றப்பர் உறை வெயிலிலும் மழையிலும் வெடித்திருந்தது. அழுத்தத்துக்கு நிலத்துக்குப் போக ஒரு வழி கிடைத்தது, அவர் உடம்பு வழியாக.

அன்று பிற்பகல் விசாரணை. அடக்கம் தாமதமாகக்கூடாது என்பதால் எல்லாம் விரைவாக நடந்தது. மேலதிகாரி என்னையும் அழைத்துக்கொண்டு போனார். சுவிட்சை மூடினாலும் கம்பத்திலிருந்து வரும் கம்பியைத் தொடக்கூடாது என்று இறந்தவருக்கு அறிவிக்கப்பட்டிருந்ததா என்று கேட்டார்கள். நான் சொற்பொழிவுக் குறிப்பை நீட்டினேன். கடைசிப் பக்கத்தில் அந்த வாக்கியம் இருந்தது. சொன்னேன், அவரும் மண்டபத்தில் இருந்தார் என்றேன். ஆட்கள் எழுந்து செருப்புத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் சொன்ன வாக்கியம் அது. எந்த நேரத்தில் சொன்னேன் என்று விசாரணையில் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தகரத் துண்டு ஒன்று இருப்பதே விசாரித்தவர்களுக்குத் தெரியாது. விபத்து, இறந்தவரின் கவனக்குறைவால் நேர்ந்தது என்று எழுதினார்கள்.

நான் அறிந்தவர்களில் மிகவும் கவனமான மனிதர் அவர்.

இரண்டு மாதம் கழித்து லைன்மேன் ஒரு காலையில் என் மேசைக்கு வந்து நின்றார். வழக்கமான சீண்டல் இல்லை. முந்திய நாள் அந்தத் தெருவில் ஒரு வேலைக்குப் போயிருந்தாராம். முதலாளி மனைவியின் அண்ணன் அவரைக் கூப்பிட்டு, சுவிட்சு மூடியிருந்தும் மச்சானை எப்படி அடித்தது என்று கேட்டாராம். இவர் தெரிந்தமட்டில் சொல்லியிருக்கிறார். அண்ணனுக்கு விளங்கவில்லை.

"அந்தம்மா சோறு தின்னுறதே இல்லையாம் ஐயா. வெளக்கு எரிஞ்சிக்கிட்டிருந்ததை நாந்தான் சரியாப் பாக்காம எரியலன்னு சொல்லிட்டேன்னு ஒரே அழுகையாம். மாமியாரும் அப்படித்தான் சொல்லுதாம். பகல் வெளிச்சத்துல எப்புடித் தெரியும்னு."

விசாரணையின் முடிவு அப்படி நினைக்க இடம் கொடுத்தது. சுவிட்ச் மூடியிருந்தால் மின்சாரம் இல்லை என்றுதான் அந்த வீட்டில் அனைவரும் அறிந்திருந்தார்கள், அதைச் சொல்லித் தந்தவர் முதலாளியே. மின்சாரம் இருந்தது, ஆகவே சுவிட்ச் சரியாக மூடவில்லை. மூடவில்லை என்றால் விளக்கு எரிந்திருக்கும். எரிந்த விளக்கை அவள் எரியவில்லை என்றாள். கணக்கில் பிழை இல்லை, முதல் வரிதான் பிழை. அந்த வரியை எழுதியவன் நான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். அவள் இத்தாவில் இருந்தாள். கணவன் இறந்தால் நான்கு மாதமும் பத்து நாளும் முஸ்லிம் பெண்கள் வீட்டுக்குள்ளேயே இருப்பார்கள், அந்நிய ஆண்களின் முன்னால் வரமாட்டார்கள். அண்ணன் என்னைக் கடையின் பின்னறையில் கதிரையில் உட்கார வைத்தார். உள்ளறைக்குப் போகும் வாசலில் ஒரு வெள்ளைத் துணி தொங்கியது. அதற்குப் பின்னால் அவள் இருக்கிறாள் என்றார். நான் அழுத்தம், ஓட்டம் என்று தொடங்கினேன். பூட்டிய குழாய்க்குள் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்பதைச் சொன்னேன். அரை மணி நேரம் பேசியிருப்பேன். என் குரல் எனக்கே விசாரணையில் கேட்ட குரலைப்போல இருந்தது.

திரைக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது, அண்ணனை நோக்கி. "நானா, ஆம்புளைகள் எல்லாரும் அந்தப் படத்தப் பாத்தாங்க. அவரு ஒவ்வொரு நாளும் அதப் பத்தித்தான் பேசினாரு. எனக்கு அதக் காட்டச் செல்லுங்க."

அண்ணனுக்கு விருப்பமில்லை. இத்தாவில் இருக்கிறவளுக்குப் படம் காட்டுவதா என்று தயங்கினார். பிறகு பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்டு வந்தார். கேளிக்கைக்கு அல்ல, அறிவதற்கு என்றால், திரையும் இருந்து அண்ணனும் இருந்தால் தடையில்லை என்று அவர் சொல்லியிருந்தார்.

மறு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு லைன்மேனோடு படவிளக்கைக் கொண்டு போனேன். யன்னல்களை அடைத்தோம். படவிளக்குக்குள் காபைட் விளக்கு வைத்தோம். எங்களுக்கு முன்னால் இருந்த அந்த வாசல் துணியையே படத்துணியாக்கினேன். அதை நன்றாக நனைக்கச் சொன்னேன். நனைந்த துணி ஒளியை மறுபக்கம் விடும். நாங்கள் இந்தப் பக்கமிருந்து ஒளியை எறிய, அவள் அந்தப் பக்கமிருந்து பார்த்தாள்.

லைன்மேன் இந்தத் தடவை ஒரே சீராகச் சுற்றினார். ஒளித்துண்டுகள் ஓடத் தொடங்கின. அவள் பக்கத்தில் எல்லாம் இடம்வலமாக மாறித் தெரியும், மின் நிலையம் வலப்பக்கத்தில், வீடு இடப்பக்கத்தில். தணிந்த குரலில், "ஓதுற பக்கமா ஓடுது" என்று அவள் சொன்னது கேட்டது; குர்ஆனை வலமிருந்து இடமாகத்தான் ஓதுவார்கள். நிலையம், பெட்டி, தெரு, கம்பம், இறவாரம், மீட்டர், சுவிட்ச், விளக்கு என்று ஒவ்வொன்றாகக் கூறினேன். பிறகு மண்டபத்தில் செய்ததுபோலவே தகரத்தைத் தள்ளினேன். வீட்டுக் கம்பி முழுவதும் கறுத்தது.

பிறகு அவள் கேட்டாள். "இருட்டாயிட்டுது. அப்ப அதுல ஒண்டும் இல்லயே?"

ஏழு ஞாயிற்றுக்கிழமை உழைப்பின் பலனை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். முதலாளி பார்த்ததையே அவளும் பார்த்தாள். பார்க்க வேறு வழி இருக்கவில்லை.

இருக்கிறது என்றேன். இதுதான் பிழை என்றேன். அன்று காலை வீட்டில் வெட்டி எடுத்துக்கொண்டு வந்திருந்த சிறிய தகரத்தைப் பழையதற்குப் பதிலாகச் செருகினேன். இப்போது சுவிட்சிலிருந்து விளக்கு வரையுள்ள துண்டு மட்டும் கறுத்தது. பக்கத்து வீடுகளை இப்போதைக்கு மறந்துவிடுங்கள், இந்த ஒரு வீட்டை மட்டும் பாருங்கள் என்று சொல்லி, லைன்மேனைக் கையை நிறுத்தச் சொன்னேன். ஓட்டம் நின்றது. கம்பத்திலிருந்து இறவாரத்துக்கும், இறவாரத்திலிருந்து மீட்டருக்கும், மீட்டரிலிருந்து சுவிட்ச் வாய் வரைக்கும் ஒளித்துண்டுகள் அசையாமல் நின்றன.

அவள் மெதுவாகச் சொன்னாள். "நிக்குது. போகல்ல. ஆனா ஈக்குது."

ஓம், இருக்கிறது என்றேன். போக வழியில்லாமல் நிற்கிறது. தள்ளுகிற பலம் அப்படியே இருக்கிறது. ஓட்டம் இல்லாததால் மீட்டர் தட்டு நிற்கும், விளக்கு எரியாது. மீட்டரும் விளக்கும் ஓட்டத்தைத்தான் காட்டும், அழுத்தத்தைக் காட்டா. அந்த இறவாரத்துக் கம்பியில் அதை நிறுத்த வேண்டுமானால், தெருக் கம்பத்தில் ஏறி எங்கள் ஆள்தான் கழற்ற வேண்டும். வீட்டுக்குள் இருக்கிற எந்தச் சுவிட்சாலும் முடியாது.

"அவரு கேட்டாரு" என்றாள். "நான் எரியல்லண்டு சென்னேன். அது சரிதானே?"

"சரி, தங்கச்சி. விளக்கு எரியேல்லை."

"நான் பொய் செல்லல்லயே?"

"இல்லை. அவரும் பிழை விடேல்லை. சுவிட்சை மூடினது சரி, மீட்டரைப் பாத்தது சரி, உங்களைக் கேட்டது சரி. நான் காட்டின படத்திலைதான் அந்தக் கம்பி இருண்டு கிடந்தது."

பின்வரிசைக்குத் தெரிய வேண்டும் என்று தகரத்தைப் பெரிதாக வெட்டியதைச் சொன்னேன். விசாரணையில் வாக்கியத்தைக் காட்டிவிட்டுத் தகரத்தை மறைத்ததையும் சொன்னேன். படவிளக்கு சீறிக்கொண்டிருந்தது, அதை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. துணிக்குப் பின்னால் அவள் அழுதாள்.

அண்ணன் எழுந்து நின்றார். பெரிய உடம்பு. "இத அண்டைக்கு ஏன் செல்லல்ல, கிளாக்கர்?"

வேலை போய்விடும் என்ற பயம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அதுவும் முழு உண்மை அல்ல. அன்று அந்த அறையில் தகரத் துண்டு எனக்கு நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்ததும், யாரும் கேட்கவில்லையே என்று ஆறுதலாக இருந்தது. இதை இப்போதுதான் எழுதுகிறேன்.

"நானா, இருங்க" என்றாள் அவள். பிறகு என்னை நோக்கி முதல் தடவையாக நேரே பேசினாள். "ஐயா, இத எழுதித் தாங்க. மாமிக்குக் காட்டணும். நான் செல்லி அவ நம்ப மாட்டா."

எழுதிக்கொடுத்தேன். கிழமை, நேரம், இடம். மெயின் சுவிட்ச் மூடியிருந்தபோது விளக்கு எரியவில்லை என்று மனைவி சொன்னது உண்மை என்றும், இறந்தவர் கவனக்குறைவாக இருக்கவில்லை என்றும், நான் காட்டிய படம் தவறான எண்ணத்தைத் தந்தது என்றும் எழுதி, பெயரும் பதவியும் இட்டுக் கையெழுத்துப் போட்டேன். அண்ணன் அதை வாங்கி இரண்டு தடவை படித்தார். எனக்குத் தேநீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் குடித்திருக்க மாட்டேன். படவிளக்கைத் தூக்கிக்கொண்டு நாங்கள் இருவரும் பாலம்வரை நடந்தோம். பாலத்தருகில் லைன்மேன், "பின்னால நின்னு தெரியலன்னு சொன்னது நாந்தானே ஐயா" என்றார். தெரியவில்லை என்று சொன்னது குற்றமில்லை, வெட்டியது நான்தான் என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்தத் தாளை லெப்பை மாமியாருக்கு வாசித்துக் காட்டியதாகப் பின்னர் அறிந்தேன். கிழவி மறுபடி வாசிக்கச் சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு மருமகளைக் குறை சொல்லவில்லையாம். ஆனால் அவளோடு அதிகம் பேசவும் இல்லையாம். அதற்கு மேல் அந்த வீட்டில் நடந்தது எனக்குத் தெரியாது.

அலுவலகத்தில் நானே போய்ச் சொன்னேன். மேலதிகாரி கத்தவில்லை. விசாரணை முடிந்துபோன விஷயம், அதைத் திரும்பத் திறப்பதால் இறந்தவர் வரப்போவதில்லை என்றார். பிறகு புதிய தகரத்தை வைத்து ஒரு தடவை படத்தை ஓட்டிப் பார்த்தார். பின்னால் போய் நின்று, ஒன்றும் தெரியவில்லையே, பழையதையே போடு, வாயால் எச்சரித்தால் போதும் என்றார். நான் மாட்டேன் என்றேன். அதோடு சொற்பொழிவுகள் நின்றன. என்னை மின் நிலையத்து எஞ்சின் வீட்டுக்கு மாற்றினார்கள். அழுத்தமானியையும் ஓட்டமானியையும் அரை மணிக்கொரு தடவை பார்த்துப் பதிவது அங்கே என் வேலை. சுவரில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு முகங்கள். ஊர் உறங்கும் நேரத்தில் ஓட்டமானியின் முள் கீழே போய்க் கிடக்கும். அழுத்தமானியின் முள் எப்போதும் இருந்த இடத்திலேயே நிற்கும். முதல் நாளே இதை வரைந்து காட்டியிருக்கலாம், இரண்டு முள் போதும். எனக்குத் தோன்றவில்லை.

இத்தா முடிந்ததும் அவள் அக்குறணையில் அண்ணன் வீட்டுக்குப் போவதென்று முடிவாகிற்று. கடையை வேறொருவர் எடுத்தார், அவருக்கு மின்சாரம் வேண்டாமாம். இணைப்பைக் கழற்ற உத்தரவு வந்தபோது லைன்மேன் எனக்கு ஆள் அனுப்பினார். ஒரு செவ்வாய்க்கிழமை, காலைப் பணி முடிந்து போனேன். அவள் முந்திய நாளே புறப்பட்டுவிட்டிருந்தாள். அண்ணன் மட்டும் கடைசிச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்தார், தலையை மட்டும் அசைத்தார்.

லைன்மேன் கம்பத்தில் ஏறி, இரண்டு கம்பிகளையும் கம்பத்துப் பக்கத்தில் கழற்றினார். அவை தளர்ந்து, இறவாரத்திலிருந்து தெரு வரை தொங்கின. அவர் இறங்கி வந்து, வீட்டுப் பக்கத்தையும் கழற்றி, நிலத்தில் போட்டுச் சுருட்டத் தொடங்கினார்.

அண்ணன் வண்டியை விட்டுவிட்டு வந்து, கம்பியின் அருகில் நின்று அதைப் பார்த்தார். வெடித்த உறைக்குள் செம்பு தெரிந்தது.

"இப்ப தொடலாமா?" என்று கேட்டார்.

"தொடலாம்" என்றேன்.

அவர் தொடவில்லை. லைன்மேன் சுருட்டி முடிக்கும் வரை நின்றுவிட்டு வண்டியில் ஏறினார்.